ஆடியில் தாக்கலாகாத நஷ்டம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன் நான். கருமத்தம்பட்டியில் கூலிக்குத் தறி ஓட்டியவன், இன்று சொந்தமாகப் பதினாறு தறி ஓட்டுகிறேன். ஆடிட்டருக்குப் பணம் கொடுப்பானேன் என்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஆன்லைன் சென்டரிலேயே வரிக் கணக்கையும் போட்டுவந்தேன். வருமான வரி நோட்டீஸ் வந்த அன்றுதான் கோயமுத்தூரில் ஆடிட்டர் ஆபீஸ் படி ஏறினேன். துணைக்கு வீட்டுக்காரியும் வந்தாள்.

முந்தைய வருஷம் ஆறு லட்சம் நஷ்டம். அதை இந்த வருஷ லாபத்தில் கழித்திருந்தேன். கழிக்க முடியாது, முப்பது நாளில் பதில் சொல் என்றது நோட்டீஸ். கழிக்காவிட்டால் ஷெட்டுக்குக் கூரை மாற்ற வைத்திருந்த பணம் வரிக்கே போய்விடும். மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆடிட்டர் சின்ன வயசுப் பெண். பழைய கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்தார்.

"ஏனுங்க, ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள போடாம ஆகஸ்ட் கடைசில போட்டிருக்கீங்க. தாமதமாப் போட்டா தொழில் நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாதுங்க. ஏன் லேட்டு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். வீட்டுக்காரி விடவில்லை.

"ஆடி மாசத்துல நஷ்டத்தை எழுதிக் குடுத்தா வருஷம் பூரா நஷ்டமாப் போகும்னு, ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் காத்திருந்தாருங்க அம்மணி. கையில ஒரு வெத்தலபாக்கு வேற!"

ஆடிட்டர் வாயைப் பொத்திக்கொண்டார். "கமிஷனருக்குத் தாமதத்தைப் பொறுத்துக்கச் சொல்லி மனுப் போடலாமுங்க. ஆனா நியாயமான காரணம் வேணும். ஆடின்னு எழுதட்டுங்களா?"

"ஒடம்பு சரியில்லைன்னு எழுதுங்க கண்ணு."

"அந்த மாசம் மூணு கெடா விருந்துக்குப் போனவரு இவரு," என்றாள் வீட்டுக்காரி. "ஒடம்பு சரியில்லாதது கெடாவுக்குத்தானுங்க."

பொய் எழுதமாட்டேன் என்றுவிட்டார் ஆடிட்டர். பிறகு திரையை உற்றுப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த வருஷம் புதுத் தறி வாங்குனீங்களா?"

"ஆறு தறி. ஒருத்தன்கிட்டயும் கை நீட்டாம வாங்கிப்போட்டனுங்க."

"அதான் காப்பாத்துது. இந்த ஆறு லட்சத்துல நாலு லட்சம் தறியோட தேய்மானமுங்க, தனியாவே காட்டியிருக்கு. கழிக்காம மிஞ்சுன தேய்மானத்துக்கு இந்தக் கெடு கிடையாது. மீதி ரெண்டுதான் தொழில் நஷ்டம். அது போனது போனதுதான்."

இரண்டு லட்சத்துக்கு ஒப்புக்கொண்டு, நாலு லட்சக் கழிவை மறுக்கக்கூடாதென்று காரணத்தோடு ஆன்லைனிலேயே பதில் போட்டார். சில வாரத்தில் உத்தரவு வந்தது. நாலு லட்சம் நின்றது. இரண்டு லட்சத்துக்கு உண்டான வரியையும் வட்டியையும் கட்டினேன். மிச்சப் பணத்தில் புதுத் தறிகளின் மேல் மட்டும் கூரை ஏறியது. பழைய தறிகளுக்கு அந்த மழையில் தார்ப்பாய்தான். ஒழுகும்போதெல்லாம், "ஆவணி முகூர்த்தம் சொட்டுது பாருங்க," என்பாள் வீட்டுக்காரி.

இப்போதெல்லாம் நான் ஆனியிலேயே கணக்குப் போட்டுவிடுகிறேன். கெடுவும் தப்பாது, ஆடியும் குறுக்கே வராது. இந்த யோசனை எந்த ஆடிட்டரும் சொன்னதல்ல, நானே கண்டுபிடித்தது.