கூடத்துக் கீறலும் பின்னறை வெடிப்பும்

சுவரில் விரிசல் என்று யாராவது கூப்பிட்டாலே எனக்கு எரிச்சல்தான் முதலில் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பூச்சில் விழுந்த மயிரிழைக் கீறலாக இருக்கும். தொண்ணூறுகளில், மயிலாப்பூரில் நான் தனியாகக் கட்டட இன்ஜினியர் தொழில் நடத்தியபோது, ஒரு பழைய வீட்டிலிருந்து அப்படி அழைப்பு வந்தது. ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, சார் வரவில்லையா என்றார். சார் நான்தான் என்றேன். இன்ஜினியர் ஒரு பெண் என்று புரிந்ததும் மனிதர் அசடு வழிய வழிவிட்டார்.

கூடத்துச் சுவர் முழுக்க வலை பின்னியதுபோலக் கீறல்கள். பழைய பூச்சைக் கொத்திவிட்டுக் கோடையில் புதிதாகப் பூசியிருந்தார்கள். கலவையில் சிமெண்ட் அதிகம், தண்ணீர் ஊற்றி ஊற வைத்தது குறைச்சல். வெயிலில் வேகமாகக் காய்ந்த பூச்சு சுருங்கிக் கீறிவிட்டது. எல்லாக் கீறலும் ஒரே மெல்லிசு. தட்டினால் திடமான சத்தம். ஓரிடத்தில் கொஞ்சம் பெயர்த்துக் காட்டினேன். உள்ளே செங்கல்லும் இணைப்பும் சேதமில்லாமல் இருந்தன. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதும், இதற்குப் போய் பயந்தீர்களா என்று கடிந்துகொண்டேன்.

அவருடைய மனைவிக்கு முகம் மலர்ந்தது. "அப்பாடா. இந்தச் சுவர் எப்ப விழுமோன்னுதான் பொண்ணையும் கொழந்தையையும் இங்கேர்ந்து உள்ளே மாத்திட்டேன்" என்றார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

எந்த அறை என்று கேட்டேன். பின்னறை என்றார்கள். அந்தப் பக்கத்தில் பெரிய மனை ஒன்றில் அடுக்குமாடிக்குத் தோண்டுகிறார்கள் என்று வரும்போதே பார்த்திருந்தேன். எனக்குத் திக்கென்றது.

பின்னறையில் மகள் கட்டிலில் ஒருக்களித்திருந்தாள், பக்கத்தில் குழந்தை. அவர்கள் தலைக்கு மேலே, ஜன்னலின் மேல்மூலையிலிருந்து ஒரு வெடிப்பு சாய்வாக, செங்கல் இணைப்பு வழியே படிக்கட்டு மாதிரி ஏறிப் பள்ளத்துப் பக்கமாகப் போனது. மேலே போகப் போக அகலம். விரலால் தடவினேன், ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. வெளிச்சம்கூடக் கசிந்தது. வெடிப்பின் இரு ஓரங்களிலும் புது வெள்ளை சிமெண்ட் பிய்ந்து நின்றது. யார் அடைத்தது என்றேன்.

"நான்தான், போன வாரம். அடைச்சா மறுபடியும் விடறது" என்றார் ஆசிரியர், பெருமையும் குறையுமாக.

கோபம் தலைக்கேறியது. அடைத்தது திரும்ப விட்டால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். பக்கத்துப் பள்ளம் இந்த வீட்டு அஸ்திவாரத்தைவிட ஆழமாகப் போய்விட்டது. அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்த மண் மழையில் நெகிழ்ந்து பள்ளத்துக்குள் சரிகிறது, மூலை கீழே இறங்குகிறது. இது பூச்சுச் சமாசாரமே இல்லை. மேலே உத்திரத்தின் பாரமும் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருந்தது.

"இப்பவே வெளியே வாங்கோ, எல்லாரும்" என்றேன்.

அந்த அம்மா அசையவில்லை. செவ்வாய்க்கிழமை, ராகு காலம், பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடம் மாறக்கூடாது என்றார். நாலரை வரைக்கும் பொறுக்கச் சொன்னார். ஆசிரியர் மனைவியின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே மழை வலுத்தது. மகள்தான் எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, எனக்கு பயமா இருக்கு, நான் போறேன்" என்று குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தேன். அந்த அம்மா என்னை முறைத்தபடியே பின்னால் வந்தார்.

பின்னறைக்குள் யாரும் காலை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளத்து மேஸ்திரியிடம் ஓடினேன். தோண்டுவதை நிறுத்து, ஓரத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பு, முட்டுக்கொடுக்கச் சவுக்குக் கட்டை கொண்டா என்று கத்தினேன். தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்த அவன் பீடியை அணைக்கக்கூட இல்லை.

"பழைய வூடு மேடம், வெடிக்கத்தான் செய்யும். ஓனராண்ட பேசு."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதைக் கேட்டோ என்னவோ, நாலு ஆட்களைக் கட்டை எடுக்க அனுப்பினான். கட்டைகள் வரும் முன்பே சத்தம் கேட்டது. முதலில் மண் சரியும் சத்தம், பிறகு செங்கல். பின்னறையின் மூலை பள்ளத்துக்குள் போனது, உத்திரத்தில் பாதி கட்டிலின் மேல் விழுந்தது.

உள்ளே ஓடினேன். எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள், ஒருவர்மேலும் கீறல்கூட இல்லை. குழந்தை மட்டும் வீறிட்டு அழுதது. அந்த அம்மா கதவு வழியே தெரிந்த கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்னா இருந்த எடத்துலேர்ந்து நான்தானே கொண்டுபோய் அதுல படுக்க வெச்சேன்" என்றார்.

மகள் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவர் அதைத் தொடப் பயந்து, கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.