மலைச்சாமி விட்டுவிட்ட கேள்விகள்

என் வீட்டுக்காரர் மலைச்சாமிக்குப் பரவை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை. வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வாயை மட்டும் லேசில் திறக்க மாட்டார். யாராவது ஆரப்பாளையம் போக எந்த பஸ் என்று கேட்டால்கூட, "சரியாத் தெரியலண்ணே, அங்கிட்டுக் கேளுங்க" என்பார். தினமும் போகிற பஸ் அது. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவ்வளவு பயம்.

கல்யாணம் ஆன வருஷம் குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு முகம் மலர வந்தார். "தெரியாத முப்பது கேள்விக்கும் நேர்மையா E போட்டுட்டேன் மீனா" என்றார். E என்றால் 'விடை தெரியவில்லை' என்கிற வட்டம். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியைத் தரையில் வைத்துவிட்டேன். திருமங்கலத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவள் நான். தப்பான விடைக்கு மார்க் குறைக்காத தேர்வு அது. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றைக் கறுப்பாக்கினாலும் முப்பதில் ஏழெட்டாவது சரியாக வாய்ப்பிருந்தது. நேர்மையாம். வட்டத்துக்கு என்ன தெரியும் இவருடைய நேர்மை?

அப்புறம் ரயில்வே குரூப் டி அறிவிப்பு வந்தது. அடுத்த அறிவிப்புக்குள் இவருக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் ஆயுசுக்கும் மூட்டைதான். அதிலே தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும் என்று தெரிந்ததும், மனுஷர் சந்தேகம் வந்த கேள்வியை எல்லாம் ஒதுக்க ஆரம்பித்தார். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: ஸ்கர்வி நோய் எந்த வைட்டமின் குறைவால் வரும்? A, B1, C, D.

"ஏன் விட்டீங்க?"

"A கண்ணுக்கு, D எலும்புக்கு. அது ரெண்டும் இல்ல. மத்த ரெண்டுல எதுன்னு தெரியல."

"அப்ப பாதி தெரியும்ல?"

"பாதி தெரிஞ்சு என்ன செய்ய?"

பஜ்ஜி கட்டி வந்த காகிதத்திலேயே கணக்குப் போட்டேன். "நாலுமே தெரியலையா, விட்ருங்க. குருட்டாம்போக்குல நாலு கேள்வி அடிச்சா சராசரியா ஒண்ணு சரி, மூணு தப்பு. வந்த ஒரு மார்க்க அந்த மூணு தப்பும் தின்னுபோடும். ஒண்ணத் தள்ள முடிஞ்சா கொஞ்சம் மிஞ்சும். ரெண்டத் தள்ளிட்டா ரெண்டு கேள்விக்கு ஒண்ணு சரி. ஒரு மார்க் வரும், அதுல மூணுல ஒரு பங்குதான் போகும். ஆனா தெரிஞ்சு தள்ளணும். மூஞ்சி பிடிக்கலன்னு தள்ளக்கூடாது."

"எல்லாம் தப்பாப் போச்சுன்னா?"

"போகலாம். ஒண்ணு ரெண்டு கேள்வின்னா அதிர்ஷ்டம். நிறைய கேள்வின்னாத்தான் கணக்கு பேசும்."

பரீட்சை முடிந்து வெளியே வந்தவர், "ரெண்டத் தள்ளிட்டு மிச்ச ரெண்டுல இழுபறியா பதினெட்டு இருந்துச்சு. அம்புட்டையும் போட்டுட்டேன். ஒண்ணுமே புரியாததைத் தொடல" என்றார். பதினெட்டில் ஐந்து சரியானாலே நஷ்டமில்லை என்று தைரியம் சொன்னேன். ஆனால் எனக்கே அந்தத் தைரியம் இல்லை. கணக்கு சராசரிக்குத்தான் பொறுப்பு; என் புருஷனுடைய அந்த ஒரு நாளுக்கு இல்லை. ஏடாகூடமாக ஆகியிருந்தால் வாழ்நாள் பூராவும் அவர் ஒன்றும் சொல்லாமலே இருந்து என்னைக் கொன்றுவிடுவார்.

விடைக்குறிப்பு வெளியானதும் ஃபோனில் பார்த்தோம். இவர் முகம் சுண்டிப் போனது. "ஏழு தப்பு மீனா. ஏழு."

"மத்த பதினொண்ணு?"

"அது சரிதான். இருந்தாலும் அந்த ஏழை மட்டும் விட்ருக்கலாம்ல."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அங்க உக்காந்திருக்கையில எது அந்த ஏழுன்னு தெரிஞ்சுச்சா?"

யோசித்தார். "இல்ல. பதினெட்டும் ஒரே மாதிரித்தான் இருந்துச்சு."

ஏழு தப்புக்குப் போனது இரண்டே கால் சொச்சம். பதினொன்றில் அதைக் கழித்தால் எட்டரைக்கு மேல் கையில் நின்றது. முடிவு வந்தபோது இவர் கட் ஆஃபைத் தாண்டியிருந்தது நாலே மார்க்கில்.

உடல் தகுதித் தேர்வில் முப்பத்தைந்து கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு நூறு மீட்டர் போகச் சொன்னார்கள். பாவம், வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

வேலை உத்தரவு வந்த அன்று மார்க்கெட்டில் சுற்றி நின்றவர்கள், "எப்படி மாப்ள பாஸ் பண்ணுன?" என்று கேட்டார்கள். வழக்கமாகத் தலையைச் சொறிகிறவர், அன்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்:

"ஏழு தப்புப் பண்ணுனேன்."