வந்தார் என்று குறித்த ஒருவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. அது யார் மேல் வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தப் பல் மருத்துவமனைக்கு விளம்பரம் செய்து, நோயாளிகளை முன்பதிவு செய்ய வைப்பது என் வேலை. முன்மேசையில் பதினோரு வருஷமாக இருப்பவரை எல்லோரும் நேரக்காரி அக்கா என்பார்கள். யாருக்கு எத்தனை மணிக்கு நேரம் என்று கணினியைப் பார்க்காமலே சொல்வார். தாமதமாக வருகிறவர்களிடம், "கடிகாரத்துக்கும் பல்லு வலியா?" என்று கேட்பார். கொஞ்ச நாளாக மதியச் சாப்பாட்டை மட்டும் யார் கண்ணிலும் படாமல், மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று சாப்பிடுவார். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

நான் முதலில் எழுதிய விளம்பரம், "வலியே இல்லாத சிகிச்சை, நூறு சதவீத உத்தரவாதம்." டாக்டரம்மா சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார்.

"உத்தரவாதம் குடுக்கறது நீங்க, ஊசி போடறது நானா? மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வோம்னு எழுதுங்க. அதுதான் உண்மை."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்போது அக்கா மேசையிலிருந்தே சொன்னார்: "தம்பி, வாய்ப்புண் ரெண்டு வாரமாகியும் ஆறலைன்னா காட்டணுமான்னு போன்ல கேக்கறாங்க. அதைப் போட்டுப் பாருங்களேன்."

போட்டோம். "இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் இருந்தால் காட்டுங்கள். எல்லாப் புண்ணும் ஆபத்தானதல்ல; பார்த்தால்தான் தெரியும்." பின்பாதி டாக்டரம்மா சேர்த்தது. யாரையும் பயமுறுத்தி வரவைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி இணைப்பு கொடுத்திருந்தேன். அதை அழுத்திப் படிவம் நிரப்பினால், எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்பது பட்டியலில் தானே ஏறிவிடும். நாளும் நேரமும் கொடுத்த பிறகு, 'வந்தார்' அல்லது 'வரவில்லை' என்று அக்கா குறிப்பார். பெயரும் போன் எண்ணும் எனக்குத் தெரியாது. வரிசை எண் மட்டும்தான். எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதில் டாக்டரம்மாவுக்கு அக்கறை இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் வேண்டும்.

ஐந்தாம் வாரம் சரிபார்த்தேன். வாய்ப்புண் விளம்பரத்தில் 'வந்தார்' முப்பத்தெட்டு. டாக்டரம்மா திறந்த நோயாளிக் கோப்புகள் முப்பத்தேழு. இருபத்திரண்டாம் எண்காரர் வந்திருக்கிறார், ஆனால் அவரை யாரும் பார்க்கவில்லை. அதற்கு முன் மூன்று முறை அவரே நேரத்தை மாற்றியிருக்கிறார்.

அன்று மாலை, நோயாளிகள் போனபின், டாக்டரம்மா முன்னிலையிலேயே கேட்டேன். "என்னக்கா, எண்ணிக்கை அழகா இருக்கணும்னு ஒரு ஆளைச் சேத்துட்டீங்களா? இப்படிப் பொய்யா குறிச்சா என் வேலைக்கு என்ன மதிப்பு?"

டாக்டரம்மா, பெயர் எழுதாமல் விட்டிருந்த இருபத்திரண்டின் போன் எண்ணை எடுத்து, மருத்துவமனைப் போனிலிருந்து அழைத்தார்.

முன்மேசையின் இழுப்பறைக்குள் போன் அதிர்ந்தது.

டாக்டரம்மா அழைப்பைத் துண்டிக்கக்கூட மறந்து நின்றார். அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

"பொய் இல்ல தம்பி," என்றார் அக்கா. "நாலேகாலுக்கு எனக்கு நேரம். நாலேகாலுக்கு நான் இங்கதானே இருந்தேன். வரலைன்னு எப்படிப் போடறது?"

"அப்புறம் ஏன் உள்ள வரல?" டாக்டரம்மா கேட்டார்.

"கன்னம் வீங்கி ஒருத்தர் வந்தாரு. என் நேரத்தை அவருக்குக் குடுத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் யாராவது வந்துடறாங்க." இழுப்பறையிலிருந்த போனை அணைத்துவிட்டு, "பயம்தான். பாத்தா தெரிஞ்சுடுமே."

"புண்ணு எத்தனை நாளா இருக்கு?"

"விளம்பரத்துக்கு முன்னாடி நாலு வாரம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது: வாய்ப்புண் பற்றிப் போனில் யாரும் கேட்கவில்லை. கேட்டது அவரே. ஊருக்குத்தான் உபதேசம் என்று மற்றவர்களைக் கிண்டல் செய்கிற அக்கா, தன் வாயில் இருப்பதை என் விளம்பரத்தில் எழுதவைத்திருக்கிறார். முப்பத்தேழு பேர் அதைப் படித்து வந்து, பார்த்துக்கொண்டு போனார்கள்.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, டாக்டரம்மா நாக்கின் ஓரத்தில் இருந்த புண்ணை விளக்கில் வெகுநேரம் பார்த்தார். பிறகு, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுநோய். சிறியது, அறுவை செய்யலாம் என்றார்கள். அந்த ஐந்து வாரம் முன்னாலேயே காட்டியிருந்தால் இன்னும் சிறியதாக இருந்திருக்குமோ என்று நான் கேட்டேன். டாக்டரம்மா அறுவைக்கான கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

அறுவை நாளில் நானும் கூடப் போனேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரியவர் முனகிக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த வரிசைச் சீட்டைப் பார்த்தார்.

"தம்பி, அவருக்கு ரொம்ப வலிக்குது போல. வேணும்னா அவரு முதல்ல..."

"அக்கா, உள்ள போங்க," என்றேன்.

கதவு மூடும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.