மஞ்சள் தடவிய மெயில்

கும்மிடிப்பூண்டியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் செய்யும் கம்பெனியில் ஆறு மாதச் சோதனைக் காலத்தில் இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கவரைப்பேட்டையில் லோடு ஏற்றுகிறார். புதிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆட்களுக்கு முதல் மெயில் அனுப்புவது என் வேலை. ஆறு மாதத்துக்குள் சரக்கு வேண்டும் என்று ஒரு விசாரணையாவது வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மெயிலை ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்காரர்தான் வடிவமைத்திருந்தார். மேலே ஏதோ விழாவில் மாலை போட்டுக்கொண்ட முதலாளியின் படம், நடுவில் தொழிற்சாலைக் கட்டடம், கீழே சான்றிதழ்கள், இடுக்குகளில் விஷயம். அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். முதல் கடிதம் மங்களமாகப் போக வேண்டும் என்பது முதலாளியின் பழக்கம். ஆபீஸின் பெரிய மானிட்டரில் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜொலிக்கும். நான்கு மாதம் அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை.

ஒரு நாள் பொன்னேரி தாண்டி ரயிலில் நின்றபடி, என் சொந்த மெயிலுக்கும் ஒன்றை அனுப்பிப் போனில் திறந்தேன். மெயில் பட்டியலில், தலைப்புக்குக் கீழே முதல் வரி வரும் இடம் காலியாக இருந்தது. உள்ளே சாம்பல் நிறப் பெட்டி, 'படத்தைக் காட்டு' என்ற பொத்தான். அழுத்தினால் முழுப் பக்கமும் போன் அகலத்துக்குச் சுருங்கி, எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. விரலால் பெரிதாக்கினால் ஒரு வரியைப் படிக்க இடமும் வலமுமாக இழுக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் செய்த காகிதத்தில் எழுத்து என்று எதுவுமே இல்லை, எல்லாம் படம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மார்க்கெட்டிங் மேனேஜரிடம் சொன்னேன்.

"உன் ஓட்டை போன்ல பாத்துக்கினு எனக்குப் பாடம் எடுக்கிறியா? பர்ச்சேஸ் மேனேஜர்லாம் உங்கப்பன் மாதிரி லாரி மேல குந்திக்கினு மெயில் பாப்பான்னு நெனச்சியா?"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அதுதான் இன்றும் வலிக்கிறது.

அன்று மத்தியானம் அவரிடம் கேட்காமல், பன்னிரண்டு பேருக்கு வெறும் எழுத்தில் அனுப்பினேன். நான்கே வரி: 'உங்கள் கம்பிரஸர் லைனுக்கு ஏற்ற கேஸ்கெட் இங்கேயே செய்கிறோம். டிராயிங் அனுப்பினால் ஒரு வாரத்தில் மாதிரி தருவோம். சோதித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.' படம் இல்லை, சின்னம் இல்லை. கீழே கம்பெனிப் பெயரும் போன் நம்பரும் மட்டும்.

சாயங்காலத்துக்குள் ஒரு பதில் வந்தது: 'டிராயிங் இணைத்திருக்கிறேன்.'

மேனேஜர் என் மெயிலைப் பார்த்தார். "இன்னாடா இது, பால்காரனுக்கு எழுதுன துண்டுச் சீட்டு? மஞ்சளும் இல்ல, முதலாளி மூஞ்சியும் இல்ல. எழுந்து நில்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி." படித்தேன். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. "அய்ய, அழுவறான் பாருடா" என்றார் யாரோ.

அடுத்த வாரம் டிராயிங் அனுப்பியவர் நேரில் வந்தார். முதலாளி அறையில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் கதவோரம் நின்றேன்.

"உங்க மெயில் லாரி எடை மேடைகிட்ட நின்னுகினு படிச்சேன் சார். ஒரே திரையில முடிஞ்சிடுச்சி, அங்கயே பதில் போட்டேன். முன்னாடி வந்ததெல்லாம் தொறந்தா வெறும் பெட்டி. பேஜாரா இருக்கும், அழிச்சிடுவேன்."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைக் காட்டினார். "அந்தப் பெட்டி மெயிலெல்லாம் இந்தப் பையன் வேலை, சார். நான்தான் மாத்தி எழுதினேன்."

வந்தவருக்கு அது பொருட்டில்லை. கேஸ்கெட்டைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்தேன். "சும்மா இருப்பா, பெரியவங்க பேசறாங்க இல்ல" என்றார் முதலாளி. மாதக் கடைசியில் என்னை அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் அப்படி எத்தனையோ இடத்திலிருந்து அனுப்பப்பட்டவர்தான்.

இப்போது திருவள்ளூரில் வேறொரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் வேப்பம்பட்டில் ரயில் நின்றிருந்தபோது போன் அதிர்ந்தது. பழைய கம்பெனி. அனுப்பியவர் அதே மேனேஜர். எந்த மேஜைக்குப் போகிறது என்று தெரியாமல் அனுப்பியிருக்கிறார். உள்ளே சாம்பல் நிறப் பெட்டி. பொத்தானை அழுத்தினேன். மாலை போட்ட முதலாளி, நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் எறும்பு எழுத்தில் என் நான்கு வரி. ஆர்டர் கொஞ்சம் குறைந்ததும் முதலாளிக்கு மறுபடி மஞ்சள் நினைவு வந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு அந்தச் சமயம் கேஸ்கெட் தேவையாகத்தான் இருந்தது. ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்கலாம். மெயிலை அழித்துவிட்டு, போனைப் பையில் வைத்துக்கொண்டேன்.