மழைக்காகத் தள்ளிப்போட்ட சோதனை ஓட்டம்

மிளகு சுத்தம் செய்யும் இயந்திரத்தின் மேல் மழை விழாது. அது மாத்தளைக்கு அருகே உக்குவளையில், ரயில் பாதைக்குப் பின்னால் எங்கள் கம்பனி புதிதாகக் கட்டிய ஆலைக்குள், கூரைக்குக் கீழே நின்றது. அப்படியிருந்தும் அதன் ஏற்புச் சோதனையை நாங்கள் மழைக்காகத் தள்ளிப்போட்டோம். அதுவும் உக்குவளையில் பெய்த மழைக்காக இல்லை. மலைக்கு மேலே ரிவர்ஸ்டனில் பெய்த மழைக்காக.

நாங்கள் என்றால் மூன்று பேர். வாங்கும் தரப்பின் சாட்சிகளாகக் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து போக வேண்டியவர்கள். மின்சாரத்துக்கு ஒருவர், மாத்தளைக்காரர், சொந்த ஊர் பக்கம் போக ஒரு சாக்குக் கிடைத்தால் விடமாட்டார். தரக்கட்டுப்பாட்டுக்கு ஒருவர், அவருக்கு மிளகையும் பப்பாசி விதையையும் பிரித்துத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். இவர்களுக்குத் தலைவனாக நான். ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகர் என்ற பெயரில் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரில் இழிவானவன் நான்தான், ஏனென்றால் வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இயந்திரத்தைப் பூட்டி ஓட்டிக் காட்ட, செய்த கம்பனி கோயம்புத்தூரிலிருந்து ஓர் என்ஜினியரை அனுப்பியிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். ஆலைக்கு எதிரே ஒரு கடையின் மேல்மாடி அறையில் தங்கி, மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டே எல்லாவற்றையும் பொருத்தி முடித்தான். வெறும் ஓட்டம் ஓட்டினான், பிறகு மிளகு போட்டும் ஓட்டினான். எல்லாம் சரி. தயார் என்று எங்களுக்கு எழுத்தில் அறிவித்தான்.

மிச்சம் இருந்தது எங்கள் வேலை. எடைபோட்ட கல்லையும் காம்பையும் பதரையும் எங்கள் கண்முன்னே மிளகில் கலக்க வேண்டும். காலை முதல் மாலை வரை முழு வேகத்தில் ஓட வேண்டும். மறுமுனையில் இடையிடையே மாதிரி எடுத்து, கல் எவ்வளவு தப்பி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாட்சி இல்லாமல் ஓட்டினால் யார் வேண்டுமானாலும் குறைவாகக் கல்லைப் போட்டுவிட்டு நிறையப் போட்டேன் என்று சொல்லலாம். அதற்காகத்தான் நாங்கள். கையெழுத்து வாங்காமல் திரும்பி வராதே என்று அவனுடைய முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

"புதன்கிழமை வெச்சுக்கலாங்களா சார்?" என்று போனில் கேட்டான். "ஞாயித்துக்கிழமை ஊர்ல எனக்கு நிச்சயதார்த்தமுங்க. ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப் போட்டாச்சு. இதுக்கு மேல பொண்ணு வீட்ல பொறுக்க மாட்டாங்க."

"வாழ்த்துகள் தம்பி, பார்த்துச் சொல்றேன்," என்றேன்.

பார்த்தது நாட்காட்டியை. வெள்ளி போயா, பௌர்ணமி விடுமுறை. வியாழன் சோதனை என்றால் மாலையில் அப்படியே ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு பங்களாவுக்குப் போய் ஞாயிறு வரை இருக்கலாம். மாத்தளைக்காரர் பங்களாவை ஏற்பாடு செய்தார். மனைவிமார் வேனில் வருவார்கள். நாங்கள் சாட்சி சொல்லும் நேரத்தில் அவர்கள் அலுவிகாரைக் குகைக் கோயிலைப் பார்ப்பார்கள். ஆகவே வியாழன். வெள்ளி விமானம் ஏறினால் போதும் என்று அவனும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான்.

செவ்வாய் மாலை மாத்தளைக்காரர் என் மேசைக்கு வந்தார். "சேர், பங்களாக் காவல்காரன் போன்ல கோல் எடுத்தான். மேல சரியான மழையாம். மூடுபனியில கை நீட்டினா கை தெரியல்லையாம். அடுத்த கிழமை வெளுத்திரும்."

"சோதனை?"

"மெஷின் எங்க ஓடப் போகுது? அதைப் பூட்டித்தானே வச்சிருக்கு."

தரக்கட்டுப்பாடு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தப் பையனைப் போனில் அழைத்து, அடுத்த கிழமை வெள்ளிக்குத்தான் எங்களால் வர முடியும் என்றேன். அவன் மெதுவாகச் சொன்னான்: "ஒப்பந்தத்துல இருக்குங்களே சார். ஒத்துக்கிட்ட நாள்ல நீங்க வரலீன்னா நாங்களே ஓட்டிக்கலாம், அது செல்லும்னு."

இருந்தது. அந்த வரியை எழுதியவனே நான். இப்படிப்பட்ட சாட்சிகளிடமிருந்து விற்பவனைக் காப்பாற்றத்தான் எழுதினேன்.

"இருக்கு தம்பி. ஓட்டிக்கங்க. பிறகு எவ்வளவு கல் போட்டீங்க, யார் பார்த்தாங்கன்னு எங்க ஆட்கள் ஒவ்வொண்ணாக் கேப்பாங்க. உங்க முதலாளிக்கு மாசக்கணக்கில இழுபடும். பரவாயில்லையா?"

அவன் யோசிக்க நான் இடம் கொடுக்கவில்லை.

"ஒண்ணு செய்யுங்க," என்றேன். "நீங்களே தவணை கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டுருங்க. சல்லடையோட அதிர்வைச் சரிபண்ண இன்னும் கொஞ்ச நாள் வேணும்னு."

"சல்லடை நல்லா இருக்குங்க சார்."

"எனக்குத் தெரியும். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்."

இப்படிக் கேட்பது எங்கள் பழக்கம். தாமதம் யாருடையதாக இருந்தாலும், தவணை கேட்கிற கடிதம் விற்பவன் பக்கத்திலிருந்து வர வேண்டும். அவனே நாளை மாற்றக் கேட்டுவிட்டால் தனியாக ஓட்டும் உரிமையும் அத்துடன் போய்விடும். இதை அவன் அறிந்திருந்தானா, தெரியாது. நான் அறிந்திருந்தேன். அரை மணி நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. தான் பூட்டிய நல்ல சல்லடையைக் கோளாறு என்று அவனே எழுதியிருந்தான், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல்.

அடுத்த வெள்ளி போனோம். வெயில் அடித்தது. கல்லை எடைபோடும்போது மூவரும் நின்றோம். தரக்கட்டுப்பாடு ஒரு கேள்வி கேட்டார்: "இது மஞ்சளுக்கும் சரிவருமா?" அது மிளகு இயந்திரம் என்று பையன் மரியாதையாகச் சொன்னான். பிறகு அவரும் மாத்தளைக்காரரும் அலுவலக அறையில் மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்ந்தார்கள். நாள் முழுக்க நின்று பார்த்தவன் நான். மாதிரிக்கு மாதிரி கல் இல்லாமலே வந்தது. சல்லடையின் சத்தம் தையல் இயந்திரம் போல ஒரே சீராக இருந்தது. இவ்வளவு நன்றாகப் பூட்டிய இயந்திரத்தை என் வேலைக்காலத்தில் அதிகம் பார்த்ததில்லை. அவனிடம் இதைச் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில், "நிச்சயம் எப்பத்துக்கு மாத்தியிருக்கு?" என்று கேட்டேன்.

"மாத்தலீங்க சார். அவங்க வேற இடம் பாத்துட்டாங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "நாள் குறிச்சா வரத் தெரியாத மாப்பிள்ளைன்னு அவங்கப்பா சொன்னாராம்."

"இதைவிட நல்ல இடம் வரும் தம்பி," என்றேன். கோழிக்கறி ருசியாக இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கினேன்.

மாலையில் ஏற்புச் சான்றிதழைத் தயாரித்தோம். நாள் தள்ளிப்போன காரணத்தை அதில் எழுத வேண்டும். 'வழங்குநரின் கோரிக்கைப்படி, சல்லடை சீரமைப்புக்காக' என்று எழுதினேன். மின்னஞ்சல் அப்படித்தானே சொன்னது. அவன் இரண்டு முறை படித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். மற்ற இருவரும் வேன் வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அந்த வரியை அடிக்க எனக்குப் பேனாவின் ஒரு கோடு போதும். அவன் வாய் திறந்து கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டால் அடித்திருப்பேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவன் கேட்கவில்லை. கையெழுத்திட்டு, "தேங்க்ஸுங்க சார்," என்றான்.

இரவு பங்களாவில் வானம் தெளிவாக இருந்தது. மாத்தளைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கெட்டிக்காரப் பொடியன் சேர். மெஷின் ஷோக்கா ஓடுது. ஆனா நேரத்துக்கு வேலைய முடிக்கத் தெரியல்ல. ஒரு கிழமை பிந்திட்டானே."

அவர் கேலி செய்யவில்லை. மழையையும் மூடுபனியையும் உண்மையாகவே மறந்துவிட்டார். சான்றிதழில் எழுதியிருந்ததை நம்பிவிட்டார்.

"ஆமா," என்றேன் நான்.