சாய்ந்த மரத்துக்கு நேர் எதிரில்

எங்கள் ஊரைப் பெரிய வெள்ளம் மூழ்கடித்து நான்காம் வருஷம், ஆவணி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை, தையற்கார அண்ணன் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. எது எந்த நாளில் நடந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் உண்டு என்பதால் கிழமை வரை சொல்ல முடிகிறது.

"கிராணி தம்பி, கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டான்" என்றார்.

ஸ்டேஷன் ரோட்டு முனையில் பன்னிரண்டு வருஷமாக இருந்த கடை. வீட்டுக்காரர் அதைத் தன் அக்காள் மகனுக்குக் கொடுக்கப்போகிறார். அக்காள் மகனும் தையற்காரன் என்பதுதான் விஷயம். தீபாவளிக்கு இரண்டு மாதம். வழக்கமான வாடிக்கையாளர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு பழைய வாசலில் ஏறினால், உள்ளே அளவு நாடாவோடு வேறு ஆள் நிற்பான். தீபாவளித் தையல்தான் அண்ணனுக்கு வருஷத்தின் பாதி. அது அங்கே போய்விட்டால் தை மாதம் வரை மிஷினைத் துணி போட்டு மூடிவைக்க வேண்டியதுதான்.

புது இடம் கிடைத்திருந்தது. நாலு தெரு தள்ளி, அண்மையில் வெட்டிய சந்தில், பெயர்ப்பலகைகூட இன்னும் நடாத இடத்தில், ஒரு கடைவீடு. அதற்கு இரண்டு கடை தள்ளி கள்ளுக்கடை.

"நோட்டீஸ் அடிச்சுக் கொடுக்கணும். நீங்கதான் எழுதணும்" என்றார்.

"கள்ளுக்கடைப் பக்கம்னு போட்டா ஒரே வரியில முடிஞ்சுடுமே, அண்ணே."

அவர் காதைப் பொத்தாத குறை. "ரவிக்கை தைக்கக் குடும்பப் பொம்பளைங்க வர்ற கடை, தம்பி! அந்தப் பேரை என் நோட்டீஸ்ல அச்சடிச்சா நாளைக்கு யாரு வருவா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. உண்மையைச் சொன்னால், உள்ளூர எனக்கு மகிழ்ச்சி. அந்தச் சந்து வந்த இடத்தின் சரித்திரம் இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அது இப்படி அமைந்தது:

"அன்பர்களுக்கு வணக்கம். ஸ்டேஷன் ரோட்டு முனையில் நடந்துவந்த நமது தையற்கடை, புரட்டாசி முதல் தேதி தொட்டு, முன்னர் செங்கற்சூளை இருந்த மேட்டுக்குக் கீழ்ப்புறம், மாட்டுவண்டிப் பேட்டையாக இருந்த திடலைக் கடந்து, வெள்ளத்தில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்துக்கு நேர் எதிரில் உள்ள கடைவீட்டில் நடைபெறும். தைப்பது அதே கைதான். ஏற்கெனவே கொடுத்த துணிகளையும் அங்கேயே பெற்றுக்கொள்ளலாம்."

இளஞ்சிவப்புத் தாளில் ஐந்நூறு பிரதி. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கொடுத்தோம். ரயில்வே குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் குழாய்ச் சுவர்களில் ஒட்டினோம். ரயிலில் வந்துபோகும் தூரத்தில் இருந்த சாலாக் செலாத்தான் பக்கத்துக்கு ஒரு கட்டு, எனக்குத் தெரிந்த ரயில் கார்டு ஒருவர் மூலம் போனது. பழைய கடைக் கதவிலும் ஒன்று ஒட்டினோம். அது மறுநாள் காலைக்குள் சுரண்டப்பட்டிருந்தது.

புரட்டாசி முதல் ஞாயிறு. அண்ணன் வாசலில் நீர் தெளித்து, மிஷினுக்கு எண்ணெய் விட்டு, பொட்டு வைத்துக் காத்திருந்தார். நடுப்பகல் வரை வந்தது இரண்டு பேர். ஒருவர் கள்ளுக்கடை எப்போது திறக்கும் என்று கேட்டார். மற்றவர் நான்.

என்ன ஆயிற்று என்று பார்க்கக் கிளம்பினேன். திடல் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். அங்கே ஒரு தூண் நிழலில், இஞ்சினில் கரி தள்ளும் வாலிபன் ஒருவன் என் நோட்டீஸோடு நின்றான்.

"அண்ணே, இந்தச் சூளை எங்க இருக்கு?"

"சூளை இல்லை தம்பி, மூடிப் பல வருஷம் ஆச்சு. 'முன்னர்'னு போட்டிருக்கே, பார்க்கலையா?"

"சரி, சாஞ்ச மரம்?"

"அதை வெள்ளம் வடிஞ்ச மாசமே வெட்டி எடுத்துட்டாங்க."

அவன் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ நோட்டீஸ்ல இருக்கிற எதுவுமே ஊர்ல இல்லையா?"

கடைவீடு இருக்கிறது என்று சொல்லி அவனை அழைத்துப்போவதற்குள், தனக்கு முன் தேடி அலுத்தவர்கள் பழைய கடையிலேயே துணியைக் கொடுத்துவிட்டதாகவும், அங்கே புது ஆள் "வாங்க வாங்க, எல்லாம் நம்ம கடைதான்" என்று உபசரிப்பதாகவும் சொன்னான். அவன் சகோதரியின் துணியும் அதில் இருந்தது; அண்ணன் எங்கே போனார் என்று பார்க்கத்தான் அவன் தேடிவந்திருந்தான்.

நாங்கள் கடைக்குத் திரும்பியபோது அங்கே ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். சாலாக் செலாத்தானில் தொழிலாளர் லைன் வீட்டில் இருப்பவர், அண்ணனிடம் எட்டு வருஷமாக ரவிக்கை தைப்பவர். கையில் இளஞ்சிவப்புத் தாள்.

"இதை எழுதின மகராசன் யாரு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாலிபனைப் பார்த்தேன். அவன் என்னைக் காட்டினான்.

"போன வாரம் முழுக்க எங்க லைன்ல இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். சூளைங்கிறாங்க, பேட்டைங்கிறாங்க. ஏதோ மண்டபத்துல கதை கேட்ட மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு நான் இங்க வந்ததே வேற சோலியா. எங்க வீட்டுக்காரர் கள்ளுக்கடைக்குள்ள போறதுக்கு முன்னாடி பிடிக்க வந்தேன், கடை கண்ணுல பட்டாக் கொடுக்கலாம்னு துணியையும் தூக்கிட்டு. தலையைத் தூக்கினா உங்க போர்டு!"

"பிடிச்சீங்களா?" என்றான் வாலிபன்.

"வெளியில நிக்க வச்சிருக்கேன்."

எட்டிப் பார்த்தோம். ஒரு மனிதர் உண்மையாகவே சுவரோரம் துணி மூட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"கள்ளுக்கடைப் பக்கம்னு ஒரு வார்த்தை போடக் கை கூசுச்சா?" என்று தொடர்ந்தார் அம்மாள். "மாசத்துக்கு ரெண்டு தடவை ஆளை இழுத்துட்டுப் போக வர்றோம். எங்க லைன்ல கண்ணை மூடிட்டு வரத் தெரியாத பொம்பளை ஒருத்தி இல்ல."

"பொம்பளைங்க அதைத் தாண்டி வரணுமேன்னு பாத்தேன், அக்கா" என்றார் அண்ணன் தணிந்த குரலில்.

"எதுக்குத் தாண்டணும்? ஸ்டேஷன்லேர்ந்து வந்தா முதல்ல வர்றது உங்க கடை. அதுக்கப்புறந்தானே அந்தக் கடை. கள்ளுக்கடைக்கு முன்னாடின்னு போடுங்க. தாண்டிப் போறது அவங்கவங்க பாடு."

அண்ணன் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். பிறகு என்னிடம், "எழுதுங்க தம்பி" என்றார்.

வெட்டுப்பலகை மேலேயே, சுண்ணக்கட்டி கிடந்த இடத்தில் எழுதினேன். "தையற்கடை மாறிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து வரும்போது, கள்ளுக்கடைக்கு இரண்டு கடை முன்னால். கத்தரிக்கோல் படம் போட்ட போர்டு. பழைய இடத்தில் இருப்பவர் நாம் அல்ல." மரம் எந்த வருஷம் சாய்ந்தது என்பதை மட்டும் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன். அம்மாள் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நோட்டீஸ் அச்சகத்திலிருந்து வர மூன்று நாள் ஆயிற்று. அதற்கு முன்பே அம்மாள் குழாயடியில் செய்தியைப் பரப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு, ரயில் வந்து அரைமணி நேரத்தில் சந்து நிறைந்தது. குடும்பமாக வந்தார்கள். மனைவி உள்ளே அளவு கொடுக்கும் வரை கணவன் வாசலிலேயே மூட்டையோடு நிற்கவேண்டும் என்ற ஏற்பாடு, யாரும் சொல்லாமலே நிலைத்துவிட்டது. கரி தள்ளும் வாலிபன் தன் சகோதரியின் துணியைப் பழைய கடையிலிருந்து, வெட்டுவதற்கு முன்னால், சண்டை போட்டு வாங்கி வந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வாங்கி வந்தார்கள். எல்லோருமல்ல. சில வீட்டுத் துணிகள் அந்த வருஷம் அங்கேயேதான் தைக்கப்பட்டன. அண்ணன் அந்தப் பெயர்களை எனக்குச் சொல்லிக் காட்டினார், மறந்துவிடுங்கள் என்றேன்.

ஐப்பசி பிறந்ததும் அவர் புது ஆர்டர்களை நிறுத்தவேண்டி வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் நான் என் சட்டையைக் கேட்டுப் போனேன். அது இன்னும் வெட்டப்படாமல் அலமாரியில் இருந்தது.

"நம்ம ஆள்தானேன்னு கடைசியில வச்சுட்டேன், தம்பி" என்றார் அண்ணன், வாயில் ஊசியோடு, தலை நிமிராமல்.

அந்தத் தீபாவளிக்குப் போன வருஷத்துச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன்.