டைனோசர் ராணிக்கு அனுமதி

அரச அலுவலக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வயல் வட்டையின் விவசாயிகள் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். மறுநாள் வெல்லாவெளியில் நீர்ப் பங்கீட்டுக் கூட்டம். புது வாய்க்கால் வரைபடத்தைக் காட்டாவிட்டால் எங்கள் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் முறை கிடைக்காது. வரைபடமோ நீர்ப்பாசன அலுவலகத்தின் பகிர்வுக் கோப்புறையில் இருந்தது. பொறியியலாளர் வாயால் சம்மதித்து இணைப்பையும் அனுப்பியிருந்தார். திறந்தால் 'அனுமதி கோருக' என்றது.

கோரிக்கை எழுத எனக்குச் சொல்லியா தர வேண்டும்? தேவை இன்னது, பார்வையிட மட்டும், வெள்ளிக்கிழமை வரை, அனுமதித்தவர் பொறியியலாளர் என்று ஒழுங்காக எழுதி அனுப்பினேன். மாலைவரை பதில் இல்லை. கோப்புறைக்குப் பொறுப்பான பெண் உத்தியோகத்தருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, உங்கட பேரில ஒண்டும் வரல்லியே. டைனோசர் ராணி எண்டு ஆரோதான் கேட்டிருக்கா."

என் கைபேசியில் கணக்குத் திறந்து தந்தவள் பேத்தி.

"அது நான்தான், மகள்."

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "விளக்கமெல்லாம் வடிவாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா எஞ்சினியர் ராணிக்கு அனுமதி குடுத்தாரெண்டு நான் எப்பிடி நம்புற?"

அவருடைய கதிரையில் இருந்திருந்தால் நானும் மறுத்திருப்பேன். பொறியியலாளரிடம் கெஞ்சினேன். அவர் உத்தியோகத்தருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: "டைனோசர் ராணிக்குப் பார்வையிட மட்டும் அனுமதி வழங்கவும்."

கோப்புறை திறந்தது. கடைசி வயல்களுக்கும் முறை கிடைத்தது. கூட்டத்துக்கு வந்த உத்தியோகத்தர் கதையையும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை, கேட்டபடியே, அனுமதியை நீக்கினார்கள். ராணிப் பட்டத்தை நீக்கத்தான் சங்கத்தில் எவருக்கும் மனமில்லை.